நாலு மில்லியில் மஞ்சளான வினிகர்

ஐப்பசி மழையில் நீடாமங்கலத்து அத்தை போட்ட பூண்டு ஊறுகாயில் ஆறு பாட்டில் பூஞ்சை பூத்துவிட்டது. "வினிகர்ல தண்ணி கலந்திருக்கான்டா, உன் டியூஷன்ல அந்தக் கண்ணாடிச் சாமானெல்லாம் இருக்குல்ல, பாத்துச் சொல்லு" என்று ஐந்து லிட்டர் கேனை என்னிடம் தள்ளிவிட்டார். லேபிளில் 4 சதவீதம் அசெட்டிக் அமிலம் என்று போட்டிருந்தது. மன்னார்குடியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் எடுக்கிறேன். ஒரு பியூரெட், ஒரு பிப்பெட், நாலு கூம்புக் குடுவை இருக்கிறது. அரை மணி நேர வேலை என்று நினைத்தேன்.

தண்ணீரில்தான் முதல் கவனம் வைத்தேன். எங்கள் பக்கத்து போர் தண்ணீரில் பைகார்பனேட் உண்டு, அது அமிலத்தில் கொஞ்சத்தைத் தின்றுவிடும். அதனால் வண்டிக் கடையில் பேட்டரிக்கு ஊற்றும் வாலை வடிநீரை வாங்கினேன். 10 மில்லி வினிகரை 100 மில்லியாக்கி, அதிலிருந்து ஒவ்வொரு முறையும் 20 மில்லி எடுத்துக்கொண்டேன். பியூரெட்டில் சோடியம் ஹைட்ராக்சைடு. அதை முந்தின நாளே ஆக்சாலிக் அமிலத்தோடு சரிபார்த்து 0.1 நார்மல் என்று உறுதி செய்திருந்தேன். அமிலம் தீர்ந்ததை நிறம் மாறிக் காட்டும் நிறங்காட்டி பினால்ப்தலீன். பாட்டிலின் அடியில் கிடந்த கொஞ்சமும் அந்தச் சரிபார்ப்பிலேயே தீர்ந்துபோயிருந்தது.

அலமாரியில் இருந்த இன்னொரு நிறங்காட்டி மெத்தில் ஆரஞ்சு. நிறம் மாறினால் சரிதானே என்று இரண்டு சொட்டு விட்டேன்.

குடுவை சிவந்தது. ஹைட்ராக்சைடு சொட்டச் சொட்ட, ஒரு மில்லியிலேயே சிவப்பு மங்கத் தொடங்கி, ஆரஞ்சாகி, மெதுவாக மஞ்சளுக்குப் போனது. எங்கே நிறுத்துவது என்றே தெரியவில்லை. மூன்று முறை செய்ததில் 3.4, 4.1, 3.8 என்று வந்தது. சராசரி 3.8 வைத்துக் கணக்குப் போட்டால் வினிகரில் 1.1 சதவீதம் அமிலம்தான். அத்தை சொன்னது சரிதான் என்று கடைக்காரருக்குப் போன் போடக் கையில் எடுத்தும் விட்டேன்.

தடுத்தது அந்த மூன்று எண்கள்தான். பிள்ளைகளுக்கே 0.1 மில்லிக்குள் ஒத்துப்போகாவிட்டால் மறுபடி செய்யச் சொல்லுகிறவன் நான். என் அளவுகளிலேயே 0.7 மில்லி வித்தியாசம். சரியான நிறங்காட்டி முடிவுநிலையில் ஒரு சொட்டில் மாறும். இது மூன்று மில்லிக்கு நீட்டி நீட்டி மாறியது. அப்போதுதான் காகிதம் எடுத்தேன்.

லேபிள் சொல்லுகிற 4 சதவீதம் உண்மை என்றே வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 40 கிராம், 60 ஆல் வகுத்தால் 0.67 மோல், பத்து மடங்கு நீர்த்தால் 0.067. அதில் 20 மில்லிக்கு 13.3 மில்லி ஹைட்ராக்சைடு பிடிக்க வேண்டும். அமிலமும் ஹைட்ராக்சைடும் சரிக்குச் சரியாகும் அந்தச் சமானப்புள்ளியில் குடுவையில் அசெட்டிக் அமிலம் ஏறக்குறைய இருக்காது, சோடியம் அசெட்டேட்தான் இருக்கும். மொத்தம் 33.3 மில்லியில் அதன் செறிவு 0.04 மோலார். அசெட்டேட் அயனி தண்ணீரிடமிருந்து புரோட்டானைப் பிடுங்கி ஹைட்ராக்சைடை விட்டுவிடும், அதனால் கரைசல் நடுநிலையில் நிற்காது. அசெட்டிக் அமிலத்தின் மாறிலி 1.8 × 10⁻⁵. தண்ணீரின் 10⁻¹⁴ ஐ இதால் வகுத்து, 0.04 ஆல் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்தால் ஹைட்ராக்சைடு 4.7 × 10⁻⁶ மோலார். பி.எச். 8.7.

மெத்தில் ஆரஞ்சு சிவப்பிலிருந்து மஞ்சளாவது பி.எச். 3.1 முதல் 4.4 வரை. அமிலம் பாதி தீர்ந்தபோது பி.எச். 4.7 தான் இருக்கும். அப்படியானால் 4.4 பாதிக்கும் முன்னாலேயே, சுமார் முப்பது சதவீதத்திலேயே வந்துவிடும். 13.3 இல் முப்பது சதவீதம் நாலு மில்லி! என் குடுவை மஞ்சளானது அங்கேதான். நான் அளந்தது வினிகரை அல்ல, மெத்தில் ஆரஞ்சை. அந்தப் பகுதியில் பி.எச். ஆமை வேகத்தில் ஏறுவதால்தான் நிறமும் இழுத்துக்கொண்டே போனது. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை சோடியம் கார்பனேட்டோடு தரம்பார்க்கும்போது இதே நிறங்காட்டிதான் கச்சிதம். ஏனென்றால் அங்கே முடிவு அமிலப் பக்கம் விழுகிறது.

அப்போ 8.7 ஐச் சுற்றி மாறுகிற ஒன்று வேண்டும். பினால்ப்தலீன் 8.3 முதல் 10 வரை, பொருத்தம். ஆனால் ராத்திரி எட்டு மணிக்கு எங்கே போவது? "மஞ்சத்துணியில சோப்பு பட்டா செவக்குமே, அதைப் போட்டுப் பாரேன்" என்றார் அத்தை போனில். சிரித்துவிட்டுப் பார்த்தால், மஞ்சள்தூளின் நிறம் மாறும் எல்லை பி.எச். 7.4 முதல் 8.6. தீர்வில் பாதிக்கும் மேல் அத்தை கொடுத்தது.

அரை ஸ்பூன் மஞ்சள்தூளை ஸ்பிரிட்டில் கலக்கி, தெளிந்ததை மட்டும் வடித்து ஐந்து சொட்டு விட்டேன். பதிமூன்று மில்லி வரை மஞ்சள் அசையவில்லை. அப்புறம் செம்பழுப்பு. அளவுகள் 13.2, 13.3, 13.4. ஒரு குறை: மஞ்சளிலிருந்து செம்பழுப்புக்கு மாறுவது கண்ணுக்கு அவ்வளவு பளிச்சென்று இல்லை. குழல்விளக்கின் கீழே வெள்ளைத் தாள் வைத்தும் முதல் முறை சந்தேகமாகவே நிறுத்தினேன்.

மறுநாள் பள்ளி ஒன்றின் ஆய்வகத்தில் வேலை பார்க்கும் நண்பனிடம் பினால்ப்தலீன் கேட்டு வாங்கி வந்தேன். 13.3 மில்லியில், ஒரே சொட்டில் நிறமற்ற கரைசல் வெளிர் இளஞ்சிவப்பானது. காகிதத்தில் பார்த்தால் இதற்கும் காரணம் தெரியும். பி.எச். 8.3 வரும்போது இன்னும் 0.01 மில்லிக்கும் குறைவாகத்தான் பாக்கி இருக்கிறது. 10 ஐத் தொட சமானப்புள்ளியைத் தாண்டி 0.03 மில்லி போதும். பியூரெட்டின் ஒரு சொட்டு சுமார் 0.05 மில்லி. நிறங்காட்டியின் முழு எல்லையும் ஒரு சொட்டுக்குள் அடங்கிவிடுகிறது. அதனால் நிறங்காட்டியின் எல்லை 8.7 இல் மிகச் சரியாக நடுவில் இருக்க வேண்டும் என்றில்லை, பி.எச். செங்குத்தாகத் தாவுகிற இடத்துக்குள் விழுந்தால் போதும்.

ஒரு தொல்லை மட்டும் வந்தது. முதல் குடுவையின் இளஞ்சிவப்பு இரண்டு நிமிடத்தில் வெளுத்துவிட்டது. காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடு கரைந்து பி.எச். இறங்குவதால் வருவது இது. இன்னும் ஹைட்ராக்சைடு விட்டால் தப்பாகிவிடும். அரை நிமிடம் நிறம் நின்றால் அதுதான் முடிவு என்று எடுத்துக்கொண்டேன்.

13.3 × 0.1 ஐ 20 ஆல் வகுத்து, பத்தாலும் 60 ஆலும் பெருக்கினால் லிட்டருக்கு 39.9 கிராம். அதாவது 4 சதவீதம், லேபிள் சொன்னதேதான். கடைக்காரருக்குப் போன் போடாமல் விட்டது நல்லதாகப் போயிற்று.

அத்தையிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "அந்தத் தடவை மழையில பூண்டு காயலடா. ஈரத்தோட போட்டேன்" என்றார்.