மேம்பாலம் ஏறும்போது மட்டும் விக்கும் வண்டி

என்னுடையது 125 சிசி எஃப்.ஐ. வண்டி. சமதளத்தில் பசு மாதிரி போகும். மனைவியை ஏற்றிக்கொண்டு கத்திப்பாரா மேம்பாலத்தில் ஏறி, ஆக்சிலேட்டரைப் பாதிக்கு மேல் முறுக்கினால்தான் மூச்சு முட்டும். கையைக் கொஞ்சம் தளர்த்தினால் மறுபடி ஓடும். "நான் வேணா இறங்கி நடக்கட்டுமா?" என்று அவள் கேட்ட தொனிக்குப் பயந்து, லோடு என்ற வார்த்தையையே வீட்டில் நான் உச்சரிக்கவில்லை.

மேல்வீட்டு மாமா சோக்கை இழுத்துப் பார்க்கச் சொன்னார். இந்த வண்டியில் சோக்கே கிடையாது மாமா என்றேன். "அதான் பிரச்சினை" என்று முடித்துவிட்டார்.

இதற்கிடையே மீட்டரில் இன்ஜின் லைட் எரிய ஆரம்பித்தது. பக்கத்துத் தெரு ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனரைச் செருகிப் பார்த்துவிட்டு, புகையில் மிஞ்சும் ஆக்ஸிஜனை அளக்கும் ஓ2 சென்சார் காலி, மாற்றிவிடலாம் என்றார்கள். விலையைக் கேட்டதும் எனக்கே விக்கியது. நேராகப் புதுப்பேட்டை பாயிடம் போனேன்.

பாய் ஸ்கேனரைத் தொடவில்லை, கேள்விதான் கேட்டார். "ஸ்டாண்டுல நின்னு முறுக்கினா விக்குதா?" இல்லை. "ஆக்சிலேட்டர்ல ஒரே இடத்துல வெட்டுதா?" அதுவும் இல்லை. டி.பி.எஸ். மேல் இருந்த சந்தேகம் அப்போதே அவருக்குத் தீர்ந்துவிட்டது. த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது என்று வண்டியின் கம்ப்யூட்டரான ஈசியூவுக்குச் சொல்லும் சென்சார் அது. நாம் நாளெல்லாம் ஓட்டுவது கால்வாசி முறுக்கில்தான் என்பதால், உள்ளே இருக்கும் கார்பன் தடம் அந்த இடத்தில்தான் தேயும். தேய்ந்தால் ஏற்றமோ இறக்கமோ, அதே முறுக்கில் வெட்டும். இருந்தாலும் முள் மீட்டரை சிக்னல் ஒயரில் வைத்து, சாவியை மட்டும் போட்டு மெதுவாக முறுக்கினார். அரை வோல்ட்டுக்குச் சற்று மேலே கிளம்பிய முள், எங்கும் துள்ளாமல் நாலு வோல்ட்டைத் தாண்டியது. டிஜிட்டல் மீட்டரில் நொடிப்பொழுது வெட்டு கண்ணில் படாதாம், அதனால்தான் முள்.

அடுத்து ஓ2 சென்சார். இன்ஜினைச் சூடாக்கி, இதற்கு மட்டும் டிஜிட்டல் மீட்டரை மாட்டினார். 0.1க்கும் 0.9க்கும் நடுவே எண்கள் ஓயாமல் ஏறி இறங்கின. காற்று உள்ளே போகிற வழியில் கார்புரேட்டர் கிளீனர் ஸ்ப்ரேயைத் துளி அடித்தார், எண் சட்டென்று 0.8ஐத் தாண்டியது. கலவை கெட்டியானதைச் சென்சார் சரியாகச் சொல்கிறது என்று அர்த்தம். "இது உயிரோடதான் இருக்கு. பாவம், நடந்ததைச் சொல்லியிருக்கு."

எய்தவன் இருக்க அம்பை நோவானேன்? இன்ஜினுக்குப் போகும் பெட்ரோல் குறைந்தால் புகையில் ஆக்ஸிஜன் மிஞ்சும், சென்சாரின் வோல்ட் கீழேயே கிடக்கும். ஈசியூ பெட்ரோலைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தும் வோல்ட் எழும்பவில்லை என்றால், சென்சார் பேரில் புகார் எழுதிவிடும். இந்த மாதிரி வண்டிகளில் பெட்ரோல் பிரஷரை அளக்கத் தனிச் சென்சார் இல்லை. அதனால் பம்ப் படுத்தால் லைட்டுக்கு அதன் பெயர் தெரியாது.

"சாவி போட்டா ரெண்டு செகண்ட் கொய்ங்னு சத்தம் வருதே பாய், பம்ப் நல்லாத்தானே இருக்கு?" என்றேன். சத்தம் மோட்டார் சுற்றுவதற்கு மட்டும்தான் சாட்சி என்றார். பம்ப் கப்ளரைக் கழற்றி, இன்ஜின் தானாக அணையும்வரை ஓடவிட்டு லைனில் பிரஷரை இறக்கினார். அதைச் செய்யாமல் ஹோஸைப் பிடுங்கினால் சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் பீய்ச்சுமாம். பிறகு ஹோஸை ஒரு தண்ணீர் பாட்டிலில் விட்டு, கப்ளரை மாட்டி, சாவியைத் திரும்பத் திரும்பப் போட்டார். சீறி விழ வேண்டிய பெட்ரோல் நூலாக விழுந்தது. ஐடிலிங்குக்கு அந்த நூலே தாராளம். இரண்டு பேரோடு பாலம் ஏறத்தான் போதாது.

பம்பை வெளியே எடுத்தார். அடியில் பெட்ரோலை வடிகட்டும் ஸ்ட்ரெய்னர் முழுக்கப் பழுப்பு வழவழப்பு, ஓரத்தில் துரு மண். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும், அளவு மீறினால் தண்ணீர் பிரிந்து டேங்க் அடியில் தங்கும். பம்ப் உறிஞ்சுவதும் அங்கிருந்துதான்.

"எப்பவும் ரிசர்வ்லயே ஓடுமோ?" என்றார் பாய். ஞாயிறுதோறும் வண்டியை இரவல் வாங்கும் மச்சான் ஐம்பது ரூபாய்க்கு மேல் பெட்ரோல் போட்டதாகச் சரித்திரமே இல்லை. பம்ப் மோட்டாரைக் குளிர்விப்பதே அதைச் சுற்றி நிற்கும் பெட்ரோல்தான், இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தால் மோட்டாரும் போயிருக்கும் என்றார்.

டேங்கைக் கழுவி, ஸ்ட்ரெய்னரை மாற்றி, எல்லாம் சேர்த்து ஓ2 சென்சார் விலையில் கால்வாசிகூட ஆகவில்லை. பாலத்தில் வண்டி முனகாமல் ஏறியது, சில நாளில் லைட்டும் தானாக அணைந்தது. ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்தான். "வண்டி சூப்பராயிடுச்சாமே மாமா, டேங்க் ஃபுல்லா?" என்றான்.