168-ஆ 115-ஆ: ‘குறைந்தது 2’ கணக்கோடு சில நாட்கள்

மார்ச் 4

பழைய நுழைவுத் தேர்வு வினா ஒன்று. 6 ஆண்கள், 4 பெண்கள். 4 பேர் குழுவில் குறைந்தது 2 பெண்கள் வேண்டும், எத்தனை விதம்? தலைவர், செயலாளர் என்று பதவி எதுவும் இல்லை, யார் முன்னால் யார் பின்னால் என்ற பேச்சே இல்லாததால் வரிசை மாற்றம் வேண்டாம், சேர்வு போதும். முதலில் 2 பெண்களை எடுத்து வைத்தேன், 4C2 = 6. மீதி 8 பேரில் யாராவது 2 பேர், 8C2 = 28. பெருக்கினால் 168. விடைத்தாளில் 115. அச்சுப் பிழை என்று முடிவு கட்டிவிட்டுத் தூங்கப் போனேன்.

மார்ச் 5

பிழை என்னுடையதுதான். மாலா, கலா, லீலா, கூட ஓர் ஆண் என்று ஒரு குழுவை எழுதிப் பார்த்ததும் தெரிந்துவிட்டது: ‘முதலில் எடுத்த இருவர்’ மாலா-கலாவாக இருக்கலாம், மாலா-லீலாவாக இருக்கலாம், கலா-லீலாவாகவும் இருக்கலாம். குழு ஒன்றுதான், நான் மூன்று தடவை எண்ணியிருக்கிறேன்! நாலு பேரும் பெண்கள் என்றால் அதே குழு 6 தடவை வரும்.

பிரித்துப் போட வேண்டும். சரியாக 2 பெண்கள்: 4C2 × 6C2 = 90. சரியாக 3: 4C3 × 6C1 = 24. நாலும்: 1. கூட்டினால் 115. என் பழைய விடையும் எங்கிருந்து வந்தது என்று பிடிபட்டது, 90 + 3×24 + 6×1 = 168.

மார்ச் 7

‘குறைந்தது 1 பெண்’ என்றால் பிரிக்கக்கூட வேண்டாம். மொத்தம் 10C4 = 210, பெண்ணே இல்லாதவை 6C4 = 15, கழித்தால் 195. முதல் நாள் போன குறுக்கு வழியில் போனால் 4C1 × 9C3 = 336, மொத்தத்தையே தாண்டுகிறது, உடனே மாட்டிக்கொள்வோம். 168 அப்படித் தாண்டாததால்தான் ஏமாந்தேன். வினா அமைப்பவருக்கும் இது தெரியும் போல, அந்தத் தப்பான 168-ஐயும் விடைத் தெரிவுகளில் ஒன்றாக வைத்திருந்தார்.

மார்ச் 9

இன்று நிகழ்தகவு. 4 சிவப்பு, 6 நீலப் பந்துகள், 4 எடுக்கிறோம், சரியாக 2 சிவப்பு வர? எடுத்ததைத் திருப்பிப் போடாவிட்டால் அதே குழுக் கணக்குதான்: 90/210 = 3/7. ஒவ்வொரு தடவையும் திருப்பிப் போட்டால் சிவப்புக்கான வாய்ப்பு 0.4 என்றே நிற்கும், அப்போதுதான் ஈருறுப்புப் பரவல்: 6 × 0.4² × 0.6² = 0.3456. இரண்டும் கிட்டத்தில்கூட இல்லை.

‘ஒன்றன்பின் ஒன்றாக’ என்ற சொல்லைப் பார்த்ததும் வரிசை மாற்றத்துக்கு ஓடியதும் உண்டு. அப்படிப் போட்டால் மேலே உள்ளதும் கீழே உள்ளதும் 24 மடங்காகும், திரும்பவும் அதே 3/7. மேலே மட்டும் வரிசை பார்த்து, கீழே சேர்வு போட்டால்தான் வம்பு. எனக்கு 2160/210 வந்தது, நிகழ்தகவு பத்துக்கு மேல்.