சீட்டைச் சரிசெய்த பிறகுதான் ஹேண்டில்பாரின் கோளாறு தெரிந்தது

பல்லாவரத்திலிருந்து அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு பைக்கில் போய்வர தினமும் 40 கிலோமீட்டருக்குக் குறையாது. ஏழு வருஷமாக அதே 125 சிசி வண்டி. போன வருஷம் ஒரு கட்டத்தில், வீட்டு வாசலில் ஸ்டாண்டு போட்டுவிட்டு நிமிர்வதற்கே அரை நிமிஷம் ஆனது. கழுத்தின் பின்பக்கம் முறுக்கிய கயிறு மாதிரி விறைத்துக் கிடக்கும். தைலம் தேய்த்தேன், இடுப்பு பெல்ட் போட்டேன். பெல்ட்டைக் கழற்றினால் பழையபடிதான்.

பிசியோதெரபிஸ்ட் எடுத்தவுடன் வண்டியைப் பற்றிக் கேட்கவில்லை. வலி முழங்காலுக்குக் கீழே இறங்குகிறதா, பாதம் மரத்துப்போகிறதா, சிறுநீரை அடக்குவதில் சிரமம் உண்டா என்றுதான் கேட்டார். அப்படி ஏதாவது இருந்தால் உட்காரும் முறையை மாற்றிப் பார்த்துக்கொண்டு நாளைக் கடத்தக் கூடாது, உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும் என்றார். எனக்கு அவை இல்லை. "அப்போ வண்டியில உட்கார்ந்தபடி பக்கவாட்டுல ஒரு போட்டோ எடுத்துட்டு வாங்க சார்" என்றார்.

சென்டர் ஸ்டாண்டு போட்டு, ஹெல்மெட், ஆபீஸ் பை எல்லாம் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன், மகள் எடுத்தாள். நேராகத்தான் உட்கார்கிறேன் என்று அதுவரை நம்பியிருந்தேன். படத்தில் டேங்கை ஒட்டி வழுக்கிவந்து, வால் எலும்பில் பாரத்தைப் போட்டு, முதுகை வில்லாக வளைத்து உட்கார்ந்திருந்தேன். காது, தோளுக்கு நாலு விரல் முன்னால் நின்றது. அப்படி இடுப்பு பின்பக்கம் சாய்ந்து உட்கார்ந்தால் பள்ளத்தின் அடி நேராகக் கீழ் முதுகில்தான் இறங்கும் என்று பிசியோதெரபிஸ்ட் விளக்கினார்.

வழுக்கியதற்குக் காரணம் சீட். ஃபோமின் முன்பாதி அமுங்கி, டேங்கை நோக்கிச் சரிவாகிவிட்டிருந்தது. பிரேக் பிடிக்கும்போதெல்லாம் ஒரு விரல்கடை முன்னால் வந்துவிடுவேன். முதலில் மேலே கட்டுகிற ஜெல் குஷன் வாங்கினேன். சரிவு அப்படியே இருக்க, மெத்தை மட்டும் கூடினால் என்ன பயன்? குஷனோடு சேர்ந்து வழுக்கினேன். பிறகு புதுப்பேட்டையில் ஒரு சீட் கடையில் உறையைப் பிரித்து, அமுங்கிய இடத்தில் கெட்டி ஃபோம் ஒட்டி மட்டமாக்கச் சொன்னேன். முதல் தடவை முன்பக்கத்தை அகலமாக வைத்துவிட்டார்கள். சிக்னலில் கால் ஊன்றினால் உள்தொடை அழுந்தி மரத்தது. மறுநாள் போய் இரண்டு ஓரமும் சீவி வாங்கிவந்தேன். ரெண்டு பாதமும் தரையில் முழுசாகப் பதிகிறதா என்று கடை வாசலிலேயே உட்கார்ந்து பார்த்துவிடுவது நல்லது.

சீட் மட்டமானதும் சரியான இடத்தில், கொஞ்சம் பின்னால் உட்கார முடிந்தது. அப்போதுதான் கை எட்டவில்லை என்று தெரிந்தது. முழங்கை நீண்டு விறைத்தால் அதிர்ச்சி முழுதும் தோளுக்கும் கழுத்துக்கும் ஏறும். மெக்கானிக் ஹேண்டில்பார் கிளாம்பின் நாலு போல்ட்டையும் தளர்த்தி, பாரை என் பக்கமாகக் கொஞ்சம் சுழற்றினார். முழங்கை லேசாக மடிந்தது. பாரைத் திருப்பினால் கிளட்ச், பிரேக் லீவர்களும் கூடவே திரும்பிவிடும். மணிக்கட்டு மடங்காதபடி அவற்றையும் சரிசெய்ய வேண்டும். முடித்ததும் நியூட்ரலில் இன்ஜினை ஓடவிட்டு, பாரை இரண்டு பக்கமும் கடைசிவரை ஒடித்துப் பார்த்தார். இன்ஜின் சத்தம் ஏறினால் ஆக்சிலரேட்டர் கேபிள் இழுபடுகிறது என்று அர்த்தம். அப்படியே ஓட்டுவது ஆபத்து.

இடுப்பு வலி ஆறு வாரத்தில் பாதிக்கு மேல் குறைந்தது. கழுத்து அப்படி இறங்கிவரவில்லை. காரணம் கீறல் விழுந்த வைசர். இருட்டியபின் எதிரே வரும் ஹெட்லைட் அதில் சிதறும். தெரியவில்லையே என்று நான் தாடையை முன்னால் நீட்டி ஓட்டியிருக்கிறேன். வைசரை மாற்றினேன். லேப்டாப் பையைத் தோளிலிருந்து இறக்கி, பின் சீட்டில் பட்டி போட்டுக் கட்டினேன். சிக்னலில் நிற்கும்போது தலையைக் குனியாமல் தாடையை மட்டும் பின்னுக்கு இழுத்து ஐந்து எண்ணி விடுவேன். இப்போதும் மழை நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் மாட்டிக்கொண்டால் கழுத்து பிடிக்கிறது. அன்றைக்கு வழியில் நிறுத்தி இறங்கி நடப்பதுதான் எனக்குத் தெரிந்த வழி.

கடைசியாகக் கவனித்தது பின் ஷாக் அப்சார்பர். குடும்பத்தோடு போவதற்காக எப்போதோ கடைசிப் படி வரை இறுக்கி வைத்தது, தனியாகப் போகும் நாளிலும் அப்படியே இருந்தது. ஒற்றை ஆள் எடைக்கு ஸ்பிரிங் அமுங்காமல் ஒவ்வொரு பள்ளமும் தூக்கிப் போட்டது. இப்போது அதைத் திருப்புகிற ஸ்பானர் சைடு பாக்ஸிலேயே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மனைவி ஏறினால் இரண்டு படி கூட்டுவேன். திங்கட்கிழமை காலையில் கிளம்புமுன் இரண்டு பக்கமும் ஒரே அளவுக்கு இறக்கிவிடுவேன்.