சியாங் மாய் ஞாயிறு சந்தை: பாதியிலேயே திரும்புங்கள்

முந்நூறு பாத்! தூங்கும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்பவர்களிடம் கேட்கிற விலையா அது? நம்ம பணத்தில் எழுநூறு ரூபாய்க்கு மேல். வரும்போது இதே மாதிரி சிவப்பு வண்டியில்தான் ஆளுக்கு 30 பாத் கொடுத்து வந்தோம். தாய்லாந்தின் சியாங் மாயில் ஊருக்குள் ஓடும் ஷேர் ஆட்டோ என்று அதைச் சொல்லலாம். இரவு எட்டரை மணிக்கு, தா பே வாசலில், சின்னவன் வாயைத் திறந்துகொண்டு தூங்குவதைப் பார்த்துவிட்டுத்தான் ஓட்டுநர் விலை சொன்னார். தப்பு எங்களுடையதுதான். அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

சியாங் மாயில் தினமும் நடக்கும் இரவுச் சந்தை வேறு இருக்கிறது. ஆனால் பார்க்க வேண்டியது ஞாயிற்றுக்கிழமைச் சந்தை. பழைய நகரத்தின் கிழக்கு வாசலான தா பேயில் தொடங்கி, மேற்கே வாட் ப்ரா சிங் கோயில் வரை, நேராக ஒரு கிலோமீட்டர் சொச்சம். சாயங்காலம் வண்டிகளை நிறுத்திவிட்டுத் தெரு முழுக்கக் கடை விரிக்கிறார்கள். ஒரு கிலோமீட்டர்தானே என்று நினைத்தோம். ஏழு மணிக்கு மேல் அந்தக் கூட்டத்தில் அதை நடக்க இரண்டு மணி நேரம் ஆகும். நான்கு வயதுப் பிள்ளைக்குத் தெரிவதெல்லாம் பெரியவர்களின் இடுப்பும் பைகளும்தான்.

ஐந்து மணிக்கே போனது மட்டும் உருப்படியான காரியம். வெளிச்சம் இருந்தது, நடக்க இடம் இருந்தது. தெருவை ஒட்டிய கோயில் வளாகங்களுக்குள்தான் சாப்பாட்டுக் கடைகள். உட்கார மேசை உண்டு, கழிவறை உண்டு. பிள்ளைகளோடு போகிறவர்கள் முதலில் இங்கே சாப்பிட்டுவிடுங்கள், கடையெல்லாம் அப்புறம்.

அங்கே ஒரு அம்மா குழிப்பணியாரச் சட்டி வைத்திருந்தார். சத்தியமாக நம்ம சட்டிதான். பெயர் கனோம் க்ரோக். அரிசி மாவும் தேங்காய்ப்பாலும் ஊற்றி மூடுகிறார், திருப்பிப் போடுவதில்லை. அடிப்பக்கம் முறுகி, மேல்பக்கம் பாலாடை மாதிரி தளதளவென்று இருக்கும்போதே கரண்டியால் எடுத்து, இரண்டு பாதிகளைச் சேர்த்து ஒரு பந்தாக வாழையிலைத் தொன்னையில் வைக்கிறார். மூன்று தொன்னை காலி. உள்ளே கொதிக்கும், பிள்ளைக்குப் பிய்த்துக் கொடுங்கள். பெரியவள் நாக்கைச் சுட்டுக்கொண்டாள். சைவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: காய்கறி மட்டும் போட்டதாகத் தெரிகிற நூடுல்ஸிலும் மீன் சாறு இருக்கும். மஞ்சள் கொடியில் சிவப்பெழுத்து தொங்கும் கடைகளைத் தேடுங்கள்.

சரியாக ஆறு மணி. ஒலிபெருக்கியில் தேசிய கீதம். அவ்வளவு பெரிய தெரு அப்படியே உறைந்துவிட்டது. பேரம் பேசியவர், சில்லறை எண்ணியவர், கோழிக்குச்சியைக் கடித்தபடி இருந்த பையன், எல்லோரும் சிலை. முடிந்த நொடியில் விட்ட இடத்திலிருந்து சத்தம். சின்னவன், “இன்னொரு தடவை” என்றான். இதற்காகவே ஆறுக்கு முன்னால் அங்கே இருக்க வேண்டும்.

பாதி வழியில் ப்ரா போக்க்லாவ் சாலை குறுக்கே வருகிறது. அங்கிருந்து தெற்கே நான்கைந்து நிமிடம் நடந்தால் வாட் செடி லுவாங். 1545 நிலநடுக்கத்தில் உச்சி சரிந்த செங்கல் கோபுரம், இரவு விளக்கில் பார்க்க அள்ளுகிறது. அப்போது மணி ஏழு. சின்னவன் கண்ணைக் கசக்கத் தொடங்கியிருந்தான். அத்தோடு முடித்து, வண்டி வரக்கூடிய ஒரு பக்கத்துத் தெருவுக்குப் போய் ஆப்பில் வண்டி கூப்பிட்டிருக்க வேண்டும். “இவ்வளவு செலவழித்து வந்துவிட்டு பாதியில் திரும்புவதா?” என்றார் வீட்டுக்காரர். நானும் தலையாட்டினேன்.

அடுத்த அரை மணி நேரம் மரத்தவளையை வைத்து ஓட்டினோம். முதுகில் குச்சியால் தேய்த்தால் கொரகொரவென்று கத்தும் பொம்மை. கடைக்காரர் 100 சொன்னார், 70க்குக் கொடுத்தார். பிறகு ஆளுக்கொரு பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்து கால் பிடித்துக்கொண்டோம். பிள்ளை தூங்கியது அங்கேதான். அதன்பிறகு ப்ரா சிங் போகிற எண்ணத்தையே விட்டுவிட்டு, பதினாறு கிலோவைச் சுமந்துகொண்டு எதிர்க்கூட்டத்தில் நீந்தி மறுபடி தா பே வாசல்.

முந்நூறுக்கு மாட்டேன் என்று நடையைக் கட்டினேன். அகழியைத் தாண்டி இரண்டு தெரு தள்ளிப் போய் ஆப்பில் கூப்பிட்டதும் 110 பாத்துக்குக் கார் வந்தது. ஏறி உட்கார்ந்ததும் சின்னவன் கண் விழித்து, “தவளை எங்கே?” என்றான். விடுதி வரும் வரை கொரகொரதான்.