"ஓம் அண்ணா" என்றால் என்ன அர்த்தம்?

எங்கள் ரீமில் ஏழு பேர். யாழ்ப்பாணத்தில் மூன்று பேர் அவரவர் வீட்டிலிருந்து, கொழும்பில் இரண்டு பேர், லண்டனில் ஒருவர், ரொறன்ரோவில் ஒருவர். கடைகளுக்கான பில் மென்பொருள் செய்கிறோம். ஏழு பேரும் தமிழர், அதனால் கதைத்துப் புரிந்துகொள்வதில் பிரச்சினை வராது என்று நினைத்துக்கொண்டிருந்தோம். வந்த பிரச்சினையெல்லாம் அந்த நினைப்பால்தான் வந்தது.

2024 ஜனவரி முதலாம் திகதியிலிருந்து வற் வரி 15 வீதத்திலிருந்து 18 ஆகியது. அந்த மாதம் ஒரு திங்கட்கிழமை, இங்கே இரவு 8.40 இருக்கும், லண்டனில் பின்னேரம் 3.10. லண்டன் அண்ணை ஸ்லாக்கில் எழுதினார்: "நாளைக்கு டெமோவுக்கு முதல் அந்த ரிப்போர்ட்டில் வற்றை மாத்திவிட ஏலுமோ?" எங்கள் கோண்டாவில் தங்கச்சி உடனே பதில் போட்டாள்: "ஓம் அண்ணா." அவர் அதைப் பார்த்துவிட்டு மடிக்கணினியை மூடிவிட்டுப் போய்விட்டார். டெமோ மறுநாள் லண்டன் காலை 9 மணிக்கு, அதாவது எங்களுக்குப் பகல் 2.30. நேரம் தாராளமாக இருந்தது.

செவ்வாய் காலை 8 மணிக்கு அவளுடைய பக்கத்தில் கரண்ட் போனது. லைன் வேலை, பின்னேரம் ஐந்து வரைக்கும். முறைப்படி யாழ்ப்பாண வட்ஸ்அப் குழுவில் "கரண்ட் இல்லை" என்று போட்டாள். நானும் பார்த்தேன், "சரி" என்று போட்டேன், என் வேலையைப் பார்த்தேன். அவள் கையில் ஒரு "ஓம்" கிடக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? 2.30க்கு வாடிக்கையாளர் முன்னால் ரிப்போர்ட் திறந்தது, வரி 15 வீதம் என்று காட்டியது. மூன்று நிமிட வேலை அது. நானே செய்திருப்பேன்.

அன்றிரவு ஆளாளுக்குக் கோபம். ஆனால் செய்திகளைத் திரும்ப வாசித்தால் ஒருவர் மேலும் பிழை சொல்ல முடியவில்லை. அவள் "ஓம்" என்றது "கண்டேன், காலையில் பார்க்கிறேன்" என்ற பொருளில். அவர் வாசித்தது "பொறுப்பு என்னுடையது, நீங்கள் நிம்மதியாகத் தூங்கலாம்" என்று. நேரில் கதைக்கும்போது எங்களுடைய "ஓம்" ஐந்தாறு மாதிரி ஒலிக்கும். இழுத்துச் சொன்னால் யோசிக்கிறான், தலையை ஆட்டிக்கொண்டே சொன்னால் கேட்டுக்கொண்டிருக்கிறான், வெடுக்கென்று சொன்னால் செய்வான். எழுத்தில் இரண்டே எழுத்துத்தான் மிஞ்சுகிறது.

இன்னொன்றும் இருக்கிறது, அதைச் சொல்ல எங்களுக்குக் கொஞ்சம் வெட்கம். வயதில் மூத்த ஒருவர் "ஏலுமோ?" என்று கேட்டால் இங்கே இளையவர்கள் "ஏலாது" என்று எழுத மாட்டார்கள். அந்தக் கேள்விக்கு ஒரே விடைதான், அதைக் கேட்கிறவருக்கும் தெரியும். ஆகவே முதலில் மாற்றியது கேள்வியை. "ஏலுமோ" என்று ஒருவரும் கேட்கக்கூடாது, "எப்ப முடியும்?" என்றுதான் கேட்கவேண்டும். அதற்கு "ஓம்" என்று பதில் சொல்லமுடியாது, ஒரு நேரம் சொல்லித்தான் ஆகவேண்டும். "நாளை 11 மணி" என்று எழுதுவது மரியாதைக் குறைவு இல்லை, ஆனால் "இன்று முடியாது" என்பது அதற்குள் இருக்கிறது. பிறகு போட்ட விதிகளில் எதுவும் இந்த ஒன்று செய்த வேலையைச் செய்யவில்லை என்பது என் எண்ணம்.

நேரத்தோடு ஊரும் எழுதவேண்டும். ஒருமுறை ரொறன்ரோக்காரர் "நாளைக் காலை வேணும்" என்று எழுத, கோண்டாவில் தங்கச்சி இரவு இரண்டு மணி வரை விழித்திருந்து முடித்திருக்கிறாள். அவர் சொன்னது தன்னுடைய காலை, எங்களுக்கு அது இரவுச் சாப்பாட்டு நேரம். குளிர்காலத்தில் அவர்கள் பத்தரை மணித்தியாலம் பின்னால், கோடையில் ஒன்பதரை. மார்ச்சில் கனடா முதலில் மணிக்கூட்டை மாற்றும், லண்டன் பிறகு மாற்றும், இடையில் வருகிற நாட்களில் மனக்கணக்கு எல்லோருக்கும் பிழைக்கும். அதனால் "காலை", "இன்றைக்குள்" எல்லாம் தடை, "யாழ் 16.00" என்று எழுதவேண்டும்.

பதில் நேரத்தில்தான் பெரிய இழுபறி. லண்டன் அண்ணை ஒரு மணித்தியாலம் கேட்டார், நானும் சம்மதித்தேன், அது என் பிழை. இரண்டு கிழமையில் ஆட்கள் சோற்றுக் கோப்பைக்குப் பக்கத்தில் போனை வைத்துக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தார்கள், கோட் எழுத உட்கார்ந்தவன் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஸ்லாக்கைத் திறந்து பார்த்தான். நான்கு வேலை மணித்தியாலம் என்று மாற்றினோம், வாசிப்பவருடைய வேலை மணித்தியாலம், எழுதியவருடையது இல்லை. அதற்குள் வேலை முடியவேண்டும் என்றும் இல்லை, எப்போது முடியும் என்று சொன்னால் போதும். ரொறன்ரோவில் வெள்ளி பின்னேரம் எழுதினால் இங்கே சனி பிறந்துவிடும், பதில் திங்கள்தான். அவர் திங்கள் காலை எழும்பும்போது அது அங்கே இருக்கும், ஆகவே அவருக்கும் நட்டமில்லை.

அப்போ அவசரம் என்றால்? கடையில் இப்போது பில் போட முடியவில்லை, அல்லது ஒரு மணித்தியாலத்துக்குள் ஏதோ கைமீறும், இந்த இரண்டுக்கு மட்டும் கோல். அதுவும் ஸ்லாக்கில் இல்லை, சாதாரண போன் நம்பருக்கு. கரண்ட் போனால் ரவுட்டரும் போகும், போன் இருக்கும். (2022இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வெட்டிய காலத்தில் எங்கள் பக்கம் சிக்னலும் படுத்துவிடும், அது வேறு கதை.) கரண்ட் போனவர் தன் கையில் என்ன வேலை கிடக்கிறது என்பதையும் அதே வட்ஸ்அப் செய்தியில் எழுதவேண்டும். "கரண்ட் இல்லை, வற் வேலை என்னிடம், 2.30க்குத் தேவை" என்று அன்றைக்கு வந்திருந்தால் கதை முடிந்திருக்கும்.

அவசரமில்லாத கோலும் உண்டு. ஒரே விஷயத்தில் மூன்றுமுறை எழுதிக் கேட்டும் விளங்கவில்லை என்றால் நான்காவதை எழுதாமல் கதைக்கவேண்டும். இதில் நாங்கள் சறுக்கினோம். ஒருநாள் விலைக்கழிவை வரிக்கு முன் கழிப்பதா பின் கழிப்பதா என்று நானும் கொழும்புத் தம்பியும் இருபது நிமிடம் கதைத்து, முன் என்று முடிவெடுத்து, எங்கேயும் எழுதாமல் விட்டுவிட்டோம். நித்திரையில் இருந்த ரொறன்ரோக்காரர் எழும்பி, ஸ்லாக்கில் இருந்த பழைய செய்தியைப் பார்த்து "பின்" என்று செய்துவைத்தார். ஒருநாள் உழைப்பு வீண். இப்போது கோல் எடுத்தவர்தான் அதே செய்தியின் கீழ் இரண்டு வரி எழுதுவார்: என்ன முடிவு, யார் செய்வது. எழுதாவிட்டால் அது முடிவே இல்லை.

கோல் எடுக்கவும் இளையவர்களுக்குப் பயம். "அண்ணா வேலையாக இருப்பீங்கள் எண்டு நினைச்சன்" என்பார்கள். அதற்கு இன்னும் மருந்து கிடைக்கவில்லை, நல்லூர்த் திருவிழாக் காலத்தில் ஒலிபெருக்கிக்கு நடுவில் கோல் எடுத்துக் கத்துவது எனக்கே பிடிக்காது.

போன மாதம் லண்டன் அண்ணை ஒழுங்காக "எப்ப முடியும்?" என்று கேட்டிருந்தார். தங்கச்சி எழுதினாள்: "நாளை யாழ் 11.00. அதுக்கு முதல் வேணுமெண்டால் கோல் எடுங்கோ."

அவர் பதில் போட்டார்: "ஓம்."

இரண்டு நிமிடத்தில் அவளிடமிருந்து வந்தது: "எந்த ஓம் அண்ணா? 11 சரியோ, கோல் எடுக்கப்போறீங்களோ?"