கரி படிந்த பானையும் கடைப் பெயரும்

மார்கழி பிறந்துவிட்டால் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் எங்கள் டிசைன் ஆபீஸுக்குப் பொங்கல் அட்டை கேட்டு போன் வரத் தொடங்கிவிடும். நகைக்கடை, ஸ்கேன் சென்டர், டியூஷன் சென்டர், மனை விற்பவர் என எல்லாருக்கும் அதே பானை, அதே கரும்பு, கீழே அவரவர் பெயர். அதில் பெரிய யோசனைக்கு வேலையில்லை. எங்களை உட்கார்ந்து யோசிக்க வைத்தது ஒரு பாத்திரக் கடையின் அட்டைதான். நகைக்கடைக்காரர் பொங்கல் பானைப் படம் போட்டால் வாழ்த்து. பாத்திரக் கடைக்காரர் போட்டால் அது சரக்கு.

அந்த முதலாளி தன் மனதில் இருந்ததை வாட்ஸ்அப்பில் தெளிவாகவே அனுப்பியிருந்தார். பளபளக்கும் பித்தளைப் பானை, அதன் வயிற்றில் கடை லோகோ, கீழே சிவப்புப் பட்டையில் இரண்டு செல் நம்பர், மூலையில் ஒரு நட்சத்திரத்துக்குள் தள்ளுபடி. இவை எல்லாவற்றுக்கும் மேலே பொங்கல் வாழ்த்து. "தம்பி, வாழ்த்து சொன்ன மாதிரியும் இருக்கணும், நாலு பானை வித்த மாதிரியும் இருக்கணும்" என்றார். இவ்வளவு நேர்மையாகக் கேட்கும் வாடிக்கையாளர் கிடைப்பது அபூர்வம்.

நான் அவரிடம் கேட்டது ஒன்றுதான். "அண்ணே, இந்த அட்டையை உங்க சம்பந்தி வீட்டுக்கு அனுப்புவீங்களா?" சிரித்துவிட்டார். தள்ளுபடி போட்ட வாழ்த்தைச் சம்பந்திக்கு யாரும் அனுப்புவதில்லை. போகிப் பண்டிகை இரவு வாட்ஸ்அப்பில் கை மாறிக் கை மாறிப் போகிற அட்டைகளெல்லாம், அனுப்புகிறவர் தன் வாழ்த்தாகவே அனுப்ப முடிகிற அட்டைகள். கடை அதில் கூடவே போகலாம், முன்னால் நடக்கக் கூடாது.

அதனால் முதலில் சரக்கைப் பிரித்தோம். விலை, அளவு, நம்பர், தள்ளுபடி எல்லாம் போட்ட முழு விளம்பரம் ஒன்று மார்கழி நடுவிலேயே போகட்டும், ஜனங்கள் பானை வாங்கக் கிளம்புவது அப்போதுதானே. தை முதல் நாள் பானை விற்று யாருக்கும் பயனில்லை, வாங்க வேண்டியவர் வாங்கி முடித்திருப்பார். இதைச் சொன்னதும் முதலாளிக்குப் பாதி மனசு மாறிவிட்டது. வியாபாரக் கணக்கு அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

அடுத்தது படம். பானை இருக்கலாமா கூடாதா என்று ஆபீஸுக்குள்ளேயே சண்டை. பானையே வேண்டாம், கோலம் போதும் என்றார் ஒருவர். எனக்கு அதில் சம்மதமில்லை. பானை விற்பவர் பொங்கலன்று பானையை ஒளித்துவைப்பதும் ஒரு நடிப்புதான். கடைசியில் புதுப் பானையை விட்டுவிட்டு, கூட வேலை செய்பவர் வீட்டுப் பரணிலிருந்து பழைய பானையை இறக்கினோம். அடியில் கரி, கழுத்தில் சின்ன நெளிசல். மூன்று செங்கல் வைத்து, மஞ்சள் கொத்தும் இஞ்சிக் கொத்தும் கட்டி எடுத்தோம். புதுப் பானையின் படம் கேட்லாக் ஆகிவிடுகிறது. கரி படிந்த பானை யாரோ ஒருவர் வீட்டில் பல பொங்கல் பார்த்தது, அதைப் பார்த்து யாரும் விலை கேட்பதில்லை. பன்னீர்க் கரும்பு எங்கள் பக்கத்து வயல்களிலேயே விளைந்தாலும், வெட்டுவது பண்டிகை நெருக்கத்தில்தான். மார்கழி நடுவில் படம் எடுத்தால் கரும்புக்கு எங்கே போவது? அதனால் இப்போதெல்லாம் பண்டிகையன்றே எடுத்து, அடுத்த வருடத்துக்கு வைத்துக்கொள்கிறோம். ரெடிமேட் படங்களை நான் தொடுவதில்லை. பொங்கல் என்று தேடினால் பட்டம் பறக்கிற சங்கராந்தியும் சேர்ந்து வந்து நிற்கும்.

வாசகம் கடைக்குள்ளிருந்தே வந்தது. கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று கேட்டால் தெரியும், பானை வாங்கிக்கொண்டு கிளம்புகிறவர்களிடம் அங்கே வேலை பார்க்கும் பெரியவர் ஏதாவது ஒன்று சொல்லி அனுப்புவார். அந்தத் தொனியிலேயே "பானைக் கழுத்துல மஞ்சக் கொத்து கட்டியாச்சா?" என்று எழுதினோம். வாழ்த்து அதற்குக் கீழே. இதை நான் இரண்டு விதமாகச் சோதித்துப் பார்ப்பேன். கடைப் பெயரைக் கட்டைவிரலால் மறைத்தால் அட்டையில் ஏதாவது மிச்சமிருக்கிறதா? இருந்தது. அந்த இடத்தில் ஸ்கேன் சென்டரின் பெயரை வைத்தால் பொருந்துகிறதா? பொருந்தவில்லை. இரண்டும் சரியாக வந்தால், லோகோ எவ்வளவு சிறிதாக இருந்தாலும் கடை அட்டைக்குள் இருக்கிறது என்று அர்த்தம்.

லோகோவின் அளவில்தான் முதலாளி கடைசிவரை பிடிவாதம் பிடித்தார். இன்ஸ்டாகிராமிலும் பேஸ்புக்கிலும் படத்துக்கு மேலே கணக்கின் பெயர் தானாகவே வந்துவிடும், அங்கே லோகோவே தேவையில்லை. ஆனால் படத்தைச் சேமித்து வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது அந்தப் பெயர் விட்டுப்போகும். ஆகவே லோகோவை வாட்ஸ்அப்பை நினைத்துத்தான் வைக்க வேண்டும். படத்தின் அகலத்தில் ஆறில் ஒரு பங்கு, வெறும் இடமாக இருக்கும் ஒரு ஓரத்தில், பட்டை இல்லாமல். பட்டை போட்டால் என்ன ஆகும் என்பதை வேறொரு கடையின் அட்டையில் பார்த்திருக்கிறோம். கீழே இருந்த சிவப்புப் பட்டையை ஜனங்கள் வெட்டிவிட்டு ஸ்டேட்டஸில் வைத்திருந்தார்கள். வெட்டப்பட்ட அட்டையைவிடத் தெளிவான விமர்சனம் எங்கள் தொழிலில் கிடையாது. படத்தோடு கலந்த சின்னப் பெயரை யாரும் மெனக்கெட்டு நீக்குவதில்லை.

காசு கொடுத்து 'பூஸ்ட்' செய்யலாமா என்றும் கேட்டார். வேண்டாம் என்றேன். பூஸ்ட் செய்த மறுகணம் பெயருக்குக் கீழே 'ஸ்பான்சர்டு' என்று வந்துவிடும், கூடவே மெசேஜ் அனுப்பச் சொல்லி ஒரு பட்டனும் வரலாம். வாழ்த்து அத்தோடு முடிந்தது. பாண்டிச்சேரி சாப்பாட்டுப் பக்கம் ஒன்று, பொங்கல் வைக்கிற வீடியோவில் இவர் பானையைக் காட்டுவதாகவும், காசு வாங்கியதை வெளியே சொல்லப் போவதில்லை என்றும் ஒரு யோசனையோடு வந்தது. அதுதான் உண்மையான மறைமுக விளம்பரம். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், இணையத்தில் நுகர்வோரை ஏமாற்றும் 13 வழக்கங்களின் பட்டியலில் விளம்பரத்தை வேறு வேஷத்தில் காட்டுவதும் ஒன்று. வாழ்த்து அட்டையில் கடைப் பெயர் வெளிப்படையாக இருக்கிறது, பேசுவது யார் என்பதில் சந்தேகமில்லை. அந்த வீடியோவில் பேசுவது கடை என்பதே தெரியாது.

தை ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழாவுக்கும் ஓர் அட்டை செய்தோம். சென்னையிலிருந்து வருகிற பண்டிகைப் பட்டியல்களில் நான் அதைப் பார்த்ததில்லை. தென்பெண்ணைக் கரையில் சுவாமிகள் தீர்த்தவாரிக்கு வருவதும், மணலில் குவித்து விற்கும் சிறுவள்ளிக் கிழங்கும் இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கிழங்கு வேகிற அலுமினியக் குண்டானைப் படமாக வைத்தோம். சுவாமி படத்தின் மேல் கடைப் பெயர் வைப்பதில்லை என்பது எங்கள் ஆபீஸ் வழக்கம், மாசி மகத்துக்கும் அப்படித்தான். பொங்கல் அட்டையைவிட இதற்குத்தான் அதிகப் பேர் பதில் எழுதினார்கள். அதில் யாருமே விலை கேட்கவில்லை, எந்த வருடம் எந்தக் கரையில் யாரோடு போனோம் என்றே எழுதினார்கள்.

2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்து, தென்பெண்ணையில் வெள்ளம் வந்து ஊர்களுக்குள் புகுந்தது. அடுத்த இரண்டு வாரத்தில் கார்த்திகை தீபம். வெள்ளத்தில் பாத்திரங்களை இழந்தவர்களுக்குத் தீப வாழ்த்தோடு சேர்த்துத் தள்ளுபடி அறிவிக்கலாம் என்றார் முதலாளி. தள்ளுபடி தரும் எண்ணத்தில் அவர் உண்மையாகவே இருந்தார், அதனால் மறுத்துப் பேசுவது கஷ்டமாக இருந்தது. "தள்ளுபடி கொடுங்கண்ணே, அதை அட்டையில போடாதீங்க. கடை வாசல்ல ஒரு போர்டு எழுதி வச்சிடுங்க, தேவைப்படுறவங்க படிச்சுப்பாங்க" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர், போர்டுக்கு என்ன சைஸ் என்று கேட்டார். அந்த தீபத்துக்கு வாழ்த்து அட்டை எதுவும் போகவில்லை. போர்டுக்கான பில்லில் டிசைன் கூலியைச் சேர்க்காமல் அனுப்பினேன். அவர் அதைக் கவனித்து, கூலியையும் சேர்த்துப் போட்டுவிட்டார்.