அலிபிரியிலிருந்து அம்மாவுடன்

67 வயதான என் அம்மாவுக்குத் திருமலையை நடந்தே ஏற வேண்டும் என்பது நெடுநாள் வேண்டுதல். சீனிவாச மங்காபுரம் பக்கமிருந்து ஏறும் ஸ்ரீவாரி மெட்டு வழி தூரம் குறைவானது. ஆனாலும் நான் அலிபிரி வழியையே தேர்ந்தெடுத்தேன். ஏறத்தாழ 9 கிலோமீட்டர் தூரமும் 3,550 படிகளும் கொண்ட அந்த வழியின் நடுவே வெகுதூரம் சமதளமாக நடக்கலாம் என்பதால், தேய்ந்த மூட்டுக்கு அதுவே தாங்கும் என்று எனக்குத் தோன்றியது. புறப்படுவதற்கு முன் மருத்துவரிடம் காட்டி, இதயத்தில் கோளாறில்லை என்று உறுதி செய்துகொண்டு, ஆறு வாரம் வீட்டு மாடிப்படியில் பழகினோம்.

சென்னை சென்ட்ரலிலிருந்து காலையில் கிளம்பும் சப்தகிரி விரைவு வண்டியில் சென்றோம். திருத்தணி வந்ததும் அம்மா சன்னல் வழியே மலையைப் பார்த்துக் கைகூப்பி, "முருகனுக்கு 365 படி, இவருக்கு அதைப்போலப் பத்து மடங்கு" என்றார். முற்பகலில் இறங்கிய கையோடு ஏறத் தொடங்கினால் வெயிலில் மாட்டிக்கொள்வோம் என்பதால், அன்று கீழ்த்திருப்பதியிலேயே தங்கி, தரிசனத்தை மலையேறிய மறுநாளுக்கு வைத்துக்கொண்டோம். நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும் என்ற பதற்றம் இல்லாமல் ஏற முடிந்ததற்கு அந்த ஏற்பாடே காரணம்.

விடியற்காலை ஐந்து மணிக்கு அலிபிரியில் பையையும் செருப்பையும் சுமை ஒப்படைக்கும் இடத்தில் கொடுத்துச் சீட்டு வாங்கிக்கொண்டோம். அவற்றை மேலே திரும்பப் பெறலாம். பாதாள மண்டபத்தில் பெருமாளின் பாதுகையைத் தலையில் தாங்கி வலம் வந்த அம்மா, சற்று மேலே தலையேறு குண்டு என்னும் பாறையில் நெற்றியையும் முழங்கால்களையும் ஒற்றிக்கொண்டார். அப்படிச் செய்தால் ஏறும்போது தலைவலியும் கால்வலியும் வராது என்பது நம்பிக்கை.

காலி கோபுரம் வரையிலான முதல் 2,000 சொச்சம் படிகளே கடினமானவை. ஓரத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வலியில்லாத வலக்காலை முதலில் மேல்படியில் வைத்து இடக்காலை அதனருகே சேர்க்குமாறு அம்மாவைப் பழக்கியிருந்தேன். மூச்சு வாங்காமல் ஒரு வாக்கியத்தை அவரால் முழுதாகச் சொல்ல முடிகிறதா என்பதுதான் என் அளவுகோல், முடியாதபோதெல்லாம் நின்றோம்.

ஏறத்தாழ 1,400ஆவது படியில் அம்மாவின் பேச்சே நின்றுவிட்டது. குளிர்ந்த காற்றிலும் கழுத்தில் வியர்வை வழிந்தது. கம்பியைப் பிடித்திருந்த விரல்கள் நடுங்கின. காலையில் அவர் குடித்தது அரை டம்ளர் காப்பி மட்டும். மேலே போய்ச் சேரும்வரை விரதம் என்று எனக்குச் சொல்லாமலே தீர்மானித்திருந்த அவர், சர்க்கரை மாத்திரையை மட்டும் வழக்கம்போல விழுங்கியிருந்தார். வெறும் வயிறும், மாத்திரையும், இத்தனை உழைப்பும் சேர்ந்தால் சர்க்கரை சட்டென இறங்கிவிடும். மாத்திரையை எடுத்துக் கொடுத்த நான், சாப்பிட்டீர்களா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். கையோடு வைத்திருந்த கருவியில் பார்த்தபோது 62 என்று காட்டியது. 70க்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரைதான்.

மூன்று தேக்கரண்டி குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, படியோரம் உட்காரவைத்துக் காத்திருந்தேன். கால் மணி நேரத்தில் நடுக்கம் நின்றது. மறுபடி பார்த்தபோது 96. குளுக்கோஸின் பலன் நீடிக்காது, ஆகையால் உடனே ஏதாவது சாப்பிட்டாக வேண்டும் என்றதும், "விரதம் போச்சேம்மா" என்று கண் கலங்கினார். பிறகு, வேண்டுதலுக்காகப் பெண்கள் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருந்த படியொன்றில் வாழைப்பழத்தை வைத்து, கண்மூடிக் கும்பிட்டுவிட்டு, அதையே பிரசாதமாக எடுத்து உரித்துச் சாப்பிட்டார். இன்னும் ஒரு மணி நேரம் நகரக்கூடாது என்று நான் சொன்னதற்கு அவர் மறுப்புச் சொல்லவில்லை.

காலி கோபுரத்தில் இட்லி சாப்பிட்ட பிறகு வழி எளிதாயிற்று. மரநிழலும், சாலையோர நடையும், ஏழாவது மைல் ஆஞ்சநேயருமாக நேரம் போனதே தெரியவில்லை. ஆனால் ஏமாற்றுவது இந்தச் சமதளம்தான். ஏற்றம் முடிந்தது என்று நீண்டநேரம் உட்கார்ந்துவிட்டால் மூட்டு இறுகிவிடும். அதன் பின்னரே முழங்கால் முறிச்சான் என்ற செங்குத்தான ஏற்றம் வருகிறது. மலையே திருமேனி என்று கருதிய இராமானுசர், கால் படக்கூடாதென்று முழங்காலால் ஏறியதாகச் சொல்வார்கள். அவருக்கு அங்கே சன்னதியும் உண்டு. சமதளத்தில் ஐந்து நிமிடத்துக்கு மேல் எங்கும் உட்காராமல் வந்ததால், பத்துப் படிக்கு ஒருமுறை நின்று நின்று அம்மா அதையும் ஏறிவிட்டார்.

மேலே சென்றபோது மணி பன்னிரண்டரை. இறங்கும்போது முழங்காலுக்கு ஏறுவதைவிட அதிகப் பளு விழும் என்பதால், மறுநாள் தரிசனம் முடிந்ததும் பேருந்தில் இறங்கினோம். மலைப்பாதையின் வளைவுகளில் படிவழி மண்டபம் தெரிந்தபோதெல்லாம், அம்மா முந்தானையில் முடிந்திருந்த அந்தப் படியின் குங்குமத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார்.